ஐந்து வேலை, ஒரு தொழில்

ஆனையிறவு, பளை, முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி அகற்றும் பணி முடிந்து, அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அடிக்கடி வேலை மாறியதை விண்ணப்பத்தோடு போகும் சிறு செய்தியில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் வன்னியில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் சேர்ந்துகொள்கிறது. கொழும்பில் ஒருவர் எட்டு வருடத்தில் ஐந்து இடம் மாறியிருந்தால் பெரும்பாலும் அவரே விட்டுப் போயிருப்பார். ஆனையிறவுக்கு வடக்கிலும் தெற்கிலும் அதே ஐந்து இடம் மாறியவரைப் பார்த்தால், பாதிக்கு மேல் வேலைதான் அவரை விட்டுப் போயிருக்கும். விண்ணப்பத்தை வாசிக்கும் மனிதவள முகாமையாளருக்கு இந்த இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். வித்தியாசத்தை எழுதிக் காட்டாவிட்டால் அவராக ஊகிக்கமாட்டார்.

வேலை ஏன் ஆளை விட்டுப் போகிறது என்பது இந்தப் பக்கத்தாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை, வாசிப்பவருக்குத்தான் தெரியாது. 2000 ஏப்ரலில் ஆனையிறவுத் தளம் வீழ்ந்ததிலிருந்து 2009 ஜனவரி வரை முகமாலை போர்முனையாக இருந்தது. இரு தரப்பும் வரிசை வரிசையாக மிதிவெடி புதைத்தன. அவற்றை அகற்றும் வேலையைச் செய்தவை ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற வெளிநாட்டு அமைப்புகளும், டாஷ், ஷார்ப் போன்ற உள்நாட்டு அமைப்புகளும், இராணுவத்தின் பிரிவும். அமைப்புகளுக்கான பணம் அமெரிக்கா, ஜப்பான், பிரித்தானியா முதலிய நாடுகளிடமிருந்து தவணை தவணையாக வருகிறது. ஒரு தவணைக்கு ஒரு திட்டம், ஒரு திட்டத்துக்கு ஓர் ஒப்பந்தம். தவணை முடிந்து அடுத்தது வரத் தாமதித்தால் அணியைக் கலைப்பதைத் தவிர அந்த அமைப்புக்கு வழியில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு இடைநிறுத்தியபோது, அமெரிக்கப் பணத்தில் உலகெங்கும் நடந்த மிதிவெடி அகற்றும் பணிகளும் நின்றன. அந்த முடிவில் எந்தக் களப் பணியாளரின் திறமையும் கணக்கில் எடுக்கப்படவில்லை.

இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்க 2028 ஜூன் வரை கால எல்லை உண்டு. ஆகவே இந்தத் தொழிலே முடிவதற்காகச் செய்யப்படும் தொழில். நன்றாக வேலை செய்தால் வேலை சீக்கிரம் முடியும். இதை ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒரே வரியில் விளங்கவைக்க வேண்டியிருக்கிறது.

வாசிப்பவர் பயப்படுவது எண்ணிக்கைக்கு அல்ல. ஆளை எடுத்து, மூன்று மாதம் பழக்கி, கையில் வேலை வந்த நேரத்தில் அவர் போய்விட்டால் மறுபடி விளம்பரம் போடவேண்டும். அதுதான் அவருடைய பயம். எனவே செய்தியில் அவர் தேடுவது இரண்டு பதில்: ஒவ்வொரு முறையும் முடித்துவைத்தது யார், இத்தனை இடம் மாறியதில் இவருக்குக் கையில் சேர்ந்தது என்ன. முதலாவதற்குப் பதில் இல்லாமல் இரண்டாவதை மட்டும் அழகாக எழுதினால் பயம் கூடுமே தவிரக் குறையாது.

ஒரு மாதிரியை எடுத்துப் பார்க்கலாம். இது பலருடைய சுயவிபரக்கோவைகளில் காணக்கூடியவற்றைச் சேர்த்துக் கட்டிய கற்பனை ஆள். பளையில் வீடு, உயர்தரம் படித்த பெண். 2017 மார்ச் முதல் 2018 டிசம்பர் வரை ஓர் அமைப்பில் மிதிவெடி அகற்றுநர். 2019 பெப்ரவரி முதல் நவம்பர் வரை கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். 2020 ஜனவரி முதல் 2021 டிசம்பர் வரை இரண்டாவது அமைப்பில் மறுபடி அகற்றுநர். ஒரு வருடத்தில் அணித் தலைவி. 2022 மார்ச் முதல் ஓகஸ்ட் வரை யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் காசாளர். 2022 ஒக்டோபர் முதல் 2025 ஜனவரி வரை மூன்றாவது அமைப்பில் தரவு உத்தியோகத்தர். இப்போது விண்ணப்பிப்பது, உப்புப் பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு உதவியாளர் வேலைக்கு.

முதலில் எழுதிய செய்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தில் பணிபுரிய மிகுந்த ஆவலாக உள்ளேன். கடந்த எட்டு வருடங்களில் ஐந்து வெவ்வேறு நிறுவனங்களில் பணியாற்றிப் பரந்த அனுபவம் பெற்றுள்ளேன். எப்போதும் புதிய சவால்களைத் தேடுபவள் நான். ஒவ்வொரு மாற்றமும் எனது வளர்ச்சிக்கான படியாக அமைந்தது. எந்த வேலையையும் விரைவில் கற்றுக்கொள்வேன். தயவுசெய்து ஒரு வாய்ப்புத் தரவும்."

இதில் ஒரு சொல்கூடக் கெட்ட நோக்கத்தில் எழுதப்படவில்லை. ஆனால் செய்த வேலையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போகப்போகும் ஆளின் அடையாளங்கள் மட்டும் உண்டு. "புதிய சவால்களைத் தேடுபவள்" என்றால் உப்புப் பைகளை நிறுத்துப் பார்க்கும் வேலை ஆறு மாதத்தில் பழகிப்போனதும் வேறு சவால் தேடுவாள் என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். "ஐந்து வெவ்வேறு நிறுவனங்கள்" என்று அவளே எண்ணிக் கொடுத்துவிட்டாள். அதைவிடப் பெரிய பிழை, இது உண்மையே இல்லை. அவள் எதையும் தேடிப் போகவில்லை. மூன்று முறை ஒப்பந்தம் முடிந்தது. வளர்ச்சி என்ற சொல்லைப் போடும் ஆசையில், தன் கையில் இல்லாத முடிவுகளையெல்லாம் தன் விருப்பமாக எழுதி, இல்லாத குற்றத்தைத் தானே ஏற்றுக்கொண்டிருக்கிறாள். இந்த வகைச் செய்திகளில் அடிக்கடி நேரும் விபத்து இதுதான்.

சரிசெய்யும் வேலை எழுதுவதில் தொடங்குவதில்லை. மாதங்களை எண்ணுவதில் தொடங்குகிறது. 2017 மார்ச் முதல் 2025 ஜனவரி வரை 95 மாதங்கள். ஐந்து வேலைகளிலும் இருந்த காலம் முறையே 22, 10, 24, 6, 28 மாதங்கள்; மொத்தம் 90. எட்டு வருடத்தில் வேலை இல்லாமல் இருந்தது ஐந்தே மாதம். இன்னும் முக்கியமானது, மிதிவெடித் தொழிலில் மட்டும் 22, 24, 28 சேர்த்து 74 மாதங்கள், அதாவது ஆறு வருடமும் இரண்டு மாதமும். பெயர்ப்பலகை இரண்டு முறை மாறியது, தொழில் மாறவில்லை. சுயவிபரக்கோவையில் ஐந்து வேலையாக நிற்பது உண்மையில் ஒரு தொழிலும் இடையில் வந்த இரண்டு இடைவேலைகளும். இந்தக் கணக்கைப் போடாமல் எழுத உட்காருபவர் தன்னையே தவறாக அறிமுகம் செய்வார்.

திகதிகளை நினைவில் இருந்து எழுதுவதும் ஆபத்து. ஊழியர் சேமலாப நிதிக் கூற்றில் எந்தத் தொழில்தருநர் எந்த மாதத்துக்குப் பணம் கட்டினார் என்பது இருக்கும். அதையும் சேவைச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணினால் பிழை வராது.

அடுத்த வேலை, அந்த 74 மாதத்துக்குள் என்ன வளர்ந்தது என்று பார்ப்பது. பதவிப் பெயர் மாறியது வெளியே தெரியும்: அகற்றுநர், அணித் தலைவி, தரவு உத்தியோகத்தர். ஆனால் வெளியாருக்கு இந்தப் பெயர்கள் ஒன்றுமே சொல்லாது. பொறுப்பு எப்படி விரிந்தது என்று சொன்னால்தான் விளங்கும். அகற்றுநர் ஒரு மீற்றர் அகலப் பாதையில் தன் கைக்கு முன்னால் உள்ள மண்ணுக்குப் பொறுப்பு. அணித் தலைவி ஒன்பது பேரின் பாதைகளுக்கும் நாளாந்தப் பதிவுக்கும் பொறுப்பு. தரவு உத்தியோகத்தர் பல அணிகளின் பதிவுகள் சரியா என்பதற்குப் பொறுப்பு.

இந்தக் கடைசி வேலையில்தான் புதிய தொழிலுக்குப் பாலம் இருக்கிறது. ஆகவே அதைச் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். துப்புரவாக்கிய நிலத்தின் எல்லையைக் களத்தில் எழுதும்போது, ஒரு நிலையான அடையாளத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் திசைப் பாகையையும் தூரத்தையும் குறித்துக்கொண்டே போவார்கள். கடைசித் திருப்பம் தொடக்கப் புள்ளியில் வந்து சேரவேண்டும். கணினியில் ஏற்றிப் பார்க்கும்போது உருவம் மூடாமல் வாய் திறந்து நின்றால் யாரோ ஒரு பாகையைத் தவறாக எழுதியிருக்கிறார்கள். 214 என்பது 241 ஆகியிருக்கும். அல்லது உருவம் மூடும், பரப்பளவு மட்டும் அணித் தலைவர் கொடுத்த சதுர மீற்றர் கணக்கோடு ஒத்துப்போகாது. அன்றைக்கே களத்துக்குத் தொலைபேசி எடுத்து, குறிப்புப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லி, திருத்தவேண்டும். பின்னால் அந்த எல்லையை நம்பித்தான் ஒருவர் வீடு கட்டுவார், தோட்டம் செய்வார். உப்புத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு உதவியாளரும் ஒவ்வொரு தொகுதியிலும் பையின் நிறையையும் அயடின் அளவையும் பதிந்து, ஒத்துப்போகாத எண்ணைக் கண்டு, பொதி வெளியே போகுமுன் நிறுத்தவேண்டும். பொருள் வேறு, வேலை ஒன்றே.

இதற்குப் பிறகு எழுதிய செய்தி:

"வணக்கம். தரக் கட்டுப்பாட்டு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். 2017 முதல் ஆறு வருடத்துக்கு மேல் மிதிவெடி அகற்றும் தொழிலில் இருந்தேன்: முதலில் அகற்றுநர், பிறகு ஒன்பது பேர் அணியின் தலைவி, கடைசியாகப் பல அணிகளின் அளவீட்டுப் பதிவுகளைச் சரிபார்க்கும் தரவு உத்தியோகத்தர். மூன்று அமைப்புகளிலும் திட்ட நிதி முடிந்ததால் ஒப்பந்தம் முடிந்தது. மூன்றின் சேவைச் சான்றிதழும் இணைத்துள்ளேன். இடையில் பத்து மாதம் ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். பழைய தொழிலில் மறுபடி இடம் கிடைத்ததால் நானே விலகினேன். பதிவில் ஒத்துப்போகாத எண்ணைக் கண்டுபிடித்து அன்றே திருத்துவிப்பதுதான் என் கடைசி வேலை. உங்கள் விளம்பரத்திலும் அதுவே கேட்கப்பட்டுள்ளது. வீடு பளையில். நிரந்தர வேலை தேடுகிறேன், உடனே தொடங்கலாம்."

வளர்ச்சி என்ற சொல் இதில் ஓரிடத்திலும் இல்லை. சவால், ஆவல், வாய்ப்பு எதுவும் இல்லை. அகற்றுநர், ஒன்பது பேர், பல அணிகள் என்று வட்டம் பெரிதாவதை வாசிப்பவரே பார்த்துக்கொள்கிறார். அவர் தானாகக் கண்டதை நம்புவார். விண்ணப்பக்காரி சொல்லிக்கொண்டதைத் தள்ளுபடி செய்துதான் வாசிப்பார்.

ஒழுங்கும் கவனத்துக்குரியது. மின்னஞ்சலோ வட்ஸ்அப்போ, முதல் ஓரிரு வரிகள் தொலைபேசித் திரையில் திறக்காமலே தெரியும். அந்த இடத்தில் எந்த வேலைக்கு என்பதும் நீண்ட காலத்தின் கணக்கும் இருக்கவேண்டும். முதல் எண்ணாக "ஐந்து நிறுவனங்கள்" கண்ணில் பட்டால் பிறகு வரும் விளக்கம் சமாதானம் சொல்வதுபோலத் தொனிக்கும். "ஆறு வருடத்துக்கு மேல்" முதலில் பட்டால் மூன்று அமைப்புகள் என்பது ஒரு விபரமாக மட்டும் நிற்கும். ஒப்பந்தம் முடிந்த காரணத்தை மூன்று முறை தனித்தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஒரே காரணத்தை மூன்று தடவை எழுதினால் உண்மையும் சாக்காகக் கேட்கும்.

ஆடைத் தொழிற்சாலை வரிதான் எழுதக் கடினமானது. அங்கே ஒப்பந்தம் முடியவில்லை; அவளே விலகினாள். பலர் இதையும் "நிதி முடிந்தது" என்ற வரிக்குள் தள்ளிவிடப் பார்ப்பார்கள். தள்ளக்கூடாது. நேர்மை ஒரு பக்கம் இருக்க, தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவினர் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது வழக்கம். சேவைச் சான்றிதழிலும் "சுயவிருப்பில் விலகினார்" என்று இருக்கும். செய்தியில் வரும் நான்கு முடிவுகளில் மூன்று திட்டம் முடிந்ததால், ஒன்று தன் விருப்பத்தால் என்று எழுதும்போது அந்த ஒன்று மற்ற மூன்றையும் நம்பவைக்கிறது. காரணமும் தன் தொழிலுக்குத் திரும்பியது என்பதால் அலைச்சலாகத் தெரியாது. சம்பளம் கூட என்பதும் காரணமாக இருந்திருக்கலாம். அதை மறுக்கவும் வேண்டாம், செய்தியில் எழுதவும் வேண்டாம்.

காசாளராக இருந்த ஆறு மாதம் செய்தியில் இல்லை. மறைக்கும் நோக்கமல்ல, சிறு செய்திக்கு எல்லாவற்றையும் சுமக்கக் கடமையில்லை. ஆனால் இணைப்பில் போகும் சுயவிபரக்கோவையில் அது ஒரு வரியாக இருக்கவேண்டும். அங்கேயும் விட்டுவிட்டால் 2022 ஜனவரி முதல் செப்டெம்பர் வரை ஒன்பது மாதம் வெறுமையாக நிற்கும். ஆறு மாதக் கடை வேலையைவிட ஒன்பது மாத வெறுமை கூடுதலான கேள்விகளைக் கிளப்பும். விலகிய காரணம் கேட்டால் பதில் எளிது: 2022இல் எரிபொருள் இல்லாமல் பேருந்து ஒழுங்காக ஓடவில்லை, பளையில் இருந்து யாழ்ப்பாணம் போய்வர முடியவில்லை. அந்த வருடத்தைக் கண்ட எந்த முகாமையாளரும் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார்.

"வீடு பளையில்" என்ற இரண்டு சொல் சிலருக்கு வீணாகத் தோன்றலாம். தொழிற்சாலைப் பக்கத்தில் பார்த்தால் அது செய்தியின் கனமான வரிகளில் ஒன்று. போக்குவரத்துத் தூரம் ஆளை விலகவைக்கும் காரணங்களில் முக்கியமானது. பக்கத்து ஊர்க்காரர் நிலைப்பார் என்று எண்ணுவது நியாயம். இதே போலத்தான் "நிரந்தர வேலை தேடுகிறேன்" என்பதும். ஆனால் அதை உண்மையாக எண்ணுபவர் மட்டும் எழுதவேண்டும். அடுத்த மிதிவெடித் திட்டம் வந்தால் போய்விடுவேன் என்று மனத்தில் இருப்பவர் அந்த வரியை விட்டுவிட்டு மிச்சத்தை எழுதினால் போதும்.

சேவைச் சான்றிதழ் விடயத்தில் பிந்தினால் பின்னர் வழி கிடையாது. போருக்குப் பின் வேலை செய்த சுவிஸ், டென்மார்க், இந்திய அமைப்புகள் சில பணி முடித்து நாட்டை விட்டே போய்விட்டன. கிளிநொச்சி அலுவலகம் பூட்டிய பிறகு கையெழுத்து வைக்க ஆளில்லை. ஒப்பந்தம் முடியும் மாதத்திலேயே சான்றிதழைக் கேட்கவேண்டும். அதில் மூன்று விடயம் இருக்கிறதா என்று அங்கேயே பார்க்கவேண்டும்: தொடங்கி முடிந்த திகதி, கடைசிப் பதவி, முடிந்த காரணம். பல சான்றிதழ்களில் சேர்ந்தபோது இருந்த பதவியே எழுதப்பட்டிருக்கும். அணித் தலைவியாக உயர்ந்தது காகிதத்தில் இல்லாமல் போகும். "ஒப்பந்தக் காலம் நிறைவு" என்ற வரி இல்லாவிட்டால் அதைச் சேர்த்துத் தரக் கேட்பதில் வெட்கமில்லை. ஏற்கெனவே போய்விட்ட அமைப்பென்றால், அங்கே மேற்பார்வையாளராக இருந்து இப்போது வேறிடத்தில் இருப்பவரின் பெயரை, அவர் சம்மதத்தோடு, நடுவராகக் கொடுக்கலாம்.

எல்லாருடைய கதையும் இப்படிப் பொருந்தி வராது. மூன்று அமைப்பிலும் அகற்றுநராகவே இருந்தவருக்குப் பதவி உயர்வு என்று காட்ட ஒன்றுமில்லை. அவர் ஏணி கட்டப் பார்க்காமல், மறுபடி அழைக்கப்பட்டதைச் சொல்லலாம். ஆட்குறைப்புக்குப் பின் அதே அமைப்பு அடுத்த திட்டத்துக்குத் திருப்பிக் கூப்பிட்டிருந்தால், பக்கத்தில் இருந்து வேலையைப் பார்த்தவர்களே கொடுத்த மதிப்பீடு அது. "2018இல் முடிந்தது, 2020இல் அதே அமைப்பு மீண்டும் சேர்த்துக்கொண்டது" என்ற ஒரு வரி பதவி உயர்வுக்குச் சமம்.

உப்பளத்தில் பருவ வேலை செய்தவர்களின் சுயவிபரக்கோவையிலும் இதே கோளாறு வேறு உருவத்தில் வரும். வெயில் காலத்தில் உப்பு விளையும். ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கினால் பாத்தி கரையும், ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். நான்கு கோடை வேலை செய்தவர் அதை நான்கு வேலையாக, நான்கு இடைவெளியோடு எழுதினால் நிலையில்லாத ஆள்போலத் தெரியும். "தொடர்ந்து நான்கு பருவம் ஆனையிறவு உப்பளத்தில்" என்று ஒரு வரியாக எழுதினால் அதே காலம் விசுவாசமாகத் தெரியும். இரண்டும் உண்மைதான், இரண்டாவதுதான் நடந்ததைச் சரியாகச் சொல்கிறது.

சிலருக்கு உண்மையிலேயே தாமாக விட்டுப்போன குறுகிய வேலைகள் நாலைந்து இருக்கும்: மேலாளரோடு கோபம், இரவு வேலை ஒத்துவராதது, வெளிநாடு போகும் முயற்சி. அதை வளர்ச்சி என்று எந்தச் செய்தியாலும் ஆக்கமுடியாது. ஆக்கப் பார்ப்பது முதல் கேள்வியிலேயே உடையும். அப்படிப்பட்டவர் கடைசியாக நீண்ட காலம் இருந்த வேலையை முன்னுக்கு வைத்து, மற்றவற்றுக்கு ஒரு வரி போதும்: "2021, 2022இல் மூன்று குறுகிய வேலைகள் செய்தேன், வெளிநாட்டு முயற்சியில் இருந்தேன், இப்போது அதைக் கைவிட்டேன்." இதற்கு மேல் விளக்கம் எழுத எழுத, நிறைய மறைக்கவேண்டியிருக்கிறது என்று வாசிப்பவர் நினைப்பார். பழைய மேலாளரின் குறையை எழுதுவது அதைவிடக் கேடு. வன்னியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

செய்தி வேலை செய்தால் தொலைபேசி வரும். அப்போது பெரும்பாலும் கேட்கப்படுவது ஆடைத் தொழிற்சாலையைப் பற்றித்தான், ஏனென்றால் தாமாக விலகியதாகச் செய்தியில் வருவது அங்கே மட்டும். பதில் செய்தியில் உள்ள அதே வாக்கியமாக இருக்கவேண்டும். அதற்குப் பின் வரும் கேள்விக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு பதில் தேடி வைத்திருக்கவேண்டும்: மிதிவெடித் திட்டம் ஒன்று நாளைக்கு மறுபடி அழைத்தால் என்ன செய்வீர்கள்? கால எல்லை 2028 ஜூனில் வருகிறது, அந்தத் தொழிலில் இன்னும் எத்தனை வருடம் இருக்கும் என்று தெரியாது, அதனால்தான் இப்போதே மாறுகிறேன் என்று அவள் சொல்லலாம். அதைச் சரிபார்க்க முகாமையாளர் யாரையும் கேட்கவேண்டியதில்லை.